நாலு தள்ளுவண்டி, ஒரு குட்டியானை: சேர்ந்து காய் வாங்கும்போது மிச்சம் எங்கே, சண்டை எங்கே

கேள்வி: போரூர் பக்கம் நாங்கள் நாலு பேர் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறோம். தினமும் அவரவர் தனியாகக் கோயம்பேடு போய், ஆளுக்கு 110 கிலோ மாதிரி வாங்கி, தனித்தனி லோடு ஆட்டோவுக்கு 350 ரூபாய் கொடுக்கிறோம். ஒரு குட்டியானைக்காரர் நாலு பேர் சரக்கையும் 900 ரூபாய்க்குக் கொண்டுவருகிறேன் என்கிறார். மூட்டையாகச் சேர்ந்து வாங்கினால் கிலோவுக்கு 3 ரூபாய் வரை மிச்சம் என்றும் சொல்கிறார்கள். நம்பலாமா? சண்டை வராமல் எப்படிப் பிரிப்பது? நாலு பேரும் ஒரே இடத்தில் கடை போட்டுவிட்டால் என்ன?

வாடகையில் வரும் மிச்சத்தைத் தாராளமாக நம்பலாம். கிலோவுக்கு 3 ரூபாய் என்பதை அப்படியே நம்ப வேண்டாம். கோயம்பேட்டில் ஒரு மொத்தக் கடையில் பல வருடங்கள் கணக்கு எழுதியவன் நான். உங்களைப் போன்றவர்கள் கூட்டாக வந்து வாங்க ஆரம்பிப்பதையும், கொஞ்ச நாளில் பழையபடி தனித்தனியாக வந்து நிற்பதையும் அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். பிரிந்தவர்களில் பெரும்பாலோர் விலையால் பிரியவில்லை. மூட்டையை அவிழ்த்துப் பங்கு போடும் அந்த அரை மணி நேரத்தில்தான் பிரிந்தார்கள். அதனால் பாதி பதிலை அதற்கே செலவழிக்கப் போகிறேன்.

முதலில் வாடகை. ஆளுக்கு 350 கொடுத்த இடத்தில் இனி 225. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 125 ரூபாய் நிச்சயமாக மிச்சம். இதில் யாருடைய திறமையும் தேவையில்லை, மார்க்கெட் ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. நாலு பேர் சரக்கும் சேர்ந்து 440 கிலோதான் வருகிறது. குட்டியானை ஏறக்குறைய முக்கால் டன் தாங்கும் வண்டி, ஆகவே எடை ஒரு பிரச்சினையே இல்லை. இடம்தான் பிரச்சினை. காலிஃபிளவர், முட்டைகோஸ், கீரைக்கட்டு இதெல்லாம் எடை குறைவு, அடைக்கும் இடம் அதிகம். ஒருவர் வெங்காயமும் உருளையுமாக இரண்டரை மூட்டை ஏற்றுகிறார், இன்னொருவர் கீரையும் காலிஃபிளவருமாகப் பாதி வண்டியை அடைக்கிறார் என்றால், எடைக்கு வாடகை போட்டால் முதலாமவருக்கு மனசு ஆறாது. தலைக்கு 225 என்று சமமாகவே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது வழக்கத்தைவிடப் பெரிய சரக்கு ஏற்றுகிற நாளில் மட்டும், அடைத்த இடத்துக்கு ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கொடுக்கட்டும். தினமும் தராசு வைத்து வாடகை பிரிக்க ஆரம்பித்தால் அதற்கே ஒரு ஆள் வேண்டும்.

இப்போது மூட்டை விலை. நீங்கள் தனியாகப் போகும்போது பத்து கிலோ, பதினைந்து கிலோ என்று பிரித்துக் கொடுக்கும் கடையில்தான் வாங்க முடியும். முழு மூட்டையாக மட்டும் கொடுக்கிற மொத்தக் கடைக்காரர் உங்களுக்காகக் கட்டை அவிழ்க்க மாட்டார். நாலு பேர் சேர்ந்தால் அந்தக் கடைக்குள் போக முடிகிறது. கூட்டாக வாங்குவதன் லாபம் முக்கியமாக இதுதான். நாலு பேராகப் போய் பேரம் பேசினால் விலையை அடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே ராத்திரியில் லாரிக் கணக்கில் சரக்கு இறக்குகிறவருக்கு உங்கள் இரண்டு மூட்டை ஒரு பொருட்டில்லை.

பெல்லாரி வெங்காயத்தை வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். விலை தினம் மாறுவதால் உதாரணத்துக்கு ஒரு விலை எடுத்துக்கொள்கிறேன். மூட்டையாக வாங்கினால் கிலோ 25, பிரித்து வாங்கினால் 28. உங்களிடம் சொல்லப்படும் 3 ரூபாய் மிச்சம் இதுதான். 50 கிலோ என்று எழுதிய மூட்டைக்கு 1,250 ரூபாய் கொடுக்கிறீர்கள், ஏற்றுக்கூலி 20 ரூபாய். மொத்தம் 1,270. போரூரில் அவிழ்த்து எடை போட்டால், சாக்கு எடையும் வழியில் காய்ந்ததும் போக 49 கிலோ நிற்கும். அதில் அழுகலும் முளைத்ததுமாக 2 கிலோ ஒதுக்க வேண்டும் என்று வையுங்கள். விற்கக்கூடியது 47 கிலோ. 1,270-ஐ 47-ஆல் வகுத்தால் கிலோ 27 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. பிரித்துக் கொடுக்கும் கடைக்காரர் அழுகலைத் தள்ளிவிட்டுத்தான் 28 சொல்கிறார். ஆக உண்மையான வித்தியாசம் ஒரு ரூபாய். மழைக்காலத்தில் ஈரம் பட்ட மூட்டை வந்து கழிவு 2 கிலோவுக்குப் பதில் 5 கிலோ போனால், 1,270-ஐ 44-ஆல் வகுத்துப் பாருங்கள், 28 ரூபாய் 86 காசு. அன்றைக்கு மூட்டை வாங்கியவருக்கு நஷ்டம்.

இதிலிருந்து எந்த மூட்டையும் வேண்டாம் என்று முடிவு கட்ட வேண்டாம். கழிவு எவ்வளவு என்று தெரியும் வரை மூட்டை விலை விலையே இல்லை, அவ்வளவுதான். ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு மூட்டைக்கும் மூன்று எண்கள் எழுதுங்கள்: கொடுத்த மொத்தப் பணம், அவிழ்த்ததும் வந்த எடை, விற்க முடிந்த எடை. இரண்டு வாரம் எழுதினால் எந்தக் கடை மூட்டையில் அடிச்சரக்கு மோசம் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். கடையில் வாங்கும்போது மேலே கட்டு இருக்கும் பக்கத்தை மட்டும் பார்க்காமல், மூட்டையின் அடிமூலையை அமுக்கிப் பாருங்கள். சாக்கு ஈரமாகவோ, கறை படிந்தோ, விரல் உள்ளே அமுங்கும்படியோ இருந்தால் அடுத்த மூட்டையைக் கேளுங்கள். வெங்காயத்தில் முகர்ந்தாலே தெரியும், அழுகல் ஒன்று இருந்தாலும் புளித்த வாடை வரும். உருளையில் பச்சை ஓடியதும் மண்வெட்டி பட்டதும்தான் கழிவு, அதைச் சாக்கு இழை வழியாகவே ஓரளவு பார்க்கலாம்.

எல்லாக் காயையும் கூட்டில் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு மூட்டையில் கைவிட்டு எங்கே எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற காய்தான் கூட்டுக்கு ஏற்றது. பெல்லாரி, உருளை, பீட்ரூட், சேனை, கருணை இவையெல்லாம் அப்படி. கேரட்டும் சேர்க்கலாம். ஆனால் கழுவிய கேரட் ஈரத்தோடு வரும், காயக் காய எடை குறையும், அதனால் வந்த உடனே எடை போட்டுப் பிரித்துவிட வேண்டும். கத்திரி, வெண்டை, அவரை, கீரை இவற்றை அவரவர் கண்ணால் பார்த்து, கையால் பொறுக்கி வாங்குவதுதான் நல்லது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிற வாடிக்கையாளர் உங்கள் தெருவில் இருக்கும்போது, அதை இன்னொருவர் கண்ணை நம்பி வாங்குவது சிரமம்.

தக்காளிதான் நடுவில் நிற்கிறது, அதிகச் சண்டையும் அதில்தான். பெட்டி 14, 15 கிலோ என்று சொல்வார்கள். பிளாஸ்டிக் கிரேட் என்றால் அளவு வேறு. எதுவானாலும் எடை போட்டே எடுங்கள். எடை சரியாக இருந்தாலும் தகராறு தீராது, காரணம் ஆளுக்கு ஒரு பக்குவம் வேண்டும். தெருத் தெருவாக வண்டி தள்ளுகிறவருக்குச் செங்காய் வேண்டும், இன்றைக்கு விற்காதது நாளைக்கும் நிற்கும். டிபன் கடைக்குப் போடுகிறவருக்கு நன்றாகப் பழுத்ததே போதும், அன்றே சட்னிக்குப் போய்விடும். ஒரே பெட்டியில் மேல் வரிசை கெட்டியாகவும் அடி வரிசை கசிந்தும் இருக்கும். எடையை மட்டும் பார்த்து ஆளுக்குப் பாதி என்று பிரித்தால் கீழ்ப்பாதி கிடைத்தவர் மறுநாள் வரமாட்டார். தக்காளியைக் கூட்டில் சேர்ப்பதானால் ஒருவருக்கு ஒரு முழுப் பெட்டி என்ற கணக்கில் மட்டும் சேருங்கள். பெட்டியை உடைத்துப் பிரிக்க வேண்டாம்.

பிரிக்கும் முறைக்கு வருகிறேன். பிரிக்கிறவர் தன் பங்கைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். மூட்டையைத் தார்ப்பாய் மேல் கொட்டி, அழுகலை முதலில் எல்லோர் கண் முன்னாலும் ஒதுக்கி எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். அந்தக் கழிவு பொதுக் கழிவு, விலையில் ஏறிவிடும், ஒருவர் தலையில் விழாது. மிச்சத்தை ஒரே ஆள் பங்கு பிரிக்கட்டும். மற்ற மூவரும் அவரவர் பங்கைத் தேர்ந்தெடுத்த பிறகு நிற்பதுதான் அவருடையது. எல்லோருக்கும் ஒரே அளவு வேண்டுமென்றால் இது அருமையாக வேலை செய்யும். ஒருவருக்கு 20 கிலோ, ஒருவருக்கு 8 கிலோ என்றால் குவியலை நாலு கிலோ, நாலு கிலோவாகக் கூறு போட்டுவிட்டு, முதலில் எடுக்கும் முறையை நாளுக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். தராசு யாருடையதானாலும் முத்திரை பதித்ததாக இருக்கட்டும். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை புதுப்பிக்க வேண்டும். அதை நீங்கள் எப்படியும் செய்தாக வேண்டியதுதான்.

இதைவிடச் சின்னதாகத் தெரிகிற, ஆனால் கூட்டை உடைக்கிற விஷயம் ஒன்று உண்டு. நாலு பேர் சொன்னதையும் கூட்டினால் உருளை 42 கிலோ வருகிறது, மூட்டை 50 கிலோ. மிச்சம் 8 கிலோ யாருடையது? முதல் நாள் யாராவது நல்ல மனசோடு நான் எடுத்துக்கொள்கிறேன் என்பார். பத்தாம் நாளும் அவரே எடுத்துக்கொண்டிருப்பார், அவர் வண்டியில் பழைய உருளை முளைவிட்டுக் கிடக்கும். இதற்கு முன்கூட்டியே விதி வேண்டும். 45 கிலோவுக்கு ஆர்டர் சேராவிட்டால் அன்று அந்த மூட்டை வாங்குவதில்லை, அவரவர் பிரித்துக் கொடுக்கும் கடையில் வாங்கிக்கொள்வது. 45-ஓ அதற்கு மேலோ சேர்ந்தால் மிச்சம் நிற்பதை முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. யார் முறை என்பதும் அதே நோட்டில் இருக்கட்டும்.

நாலு பேரும் ராத்திரி மார்க்கெட்டுக்குப் போக வேண்டியதில்லை. கூட்டில் கிடைக்கும் பெரிய நிம்மதி அதுதான் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருவர் போனால் போதும், ஆனால் அவர் போவதற்குக் கூலி கொடுங்கள். மற்ற மூவரும் ஆளுக்கு 50 ரூபாய் கொடுத்தால் அவருக்கு 150 ஆகிறது. கொடுக்காமல் விட்டால் அவர் எங்காவது ஒரு விலையில் ஒரு ரூபாய் சேர்த்துச் சொல்ல ஆரம்பிப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போவது வேலைதானே. முறை மாற்றி ஆளுக்கு ஒரு வாரம் போகலாமே என்று தோன்றும். மார்க்கெட்டில் முகம் பழகிய ஆளுக்குத்தான் நல்ல மூட்டை நகரும், அதனால் வாங்கத் தெரிந்த ஒருவரே தொடர்ந்து போவது லாபம் என்பது என் அனுபவம். இது ஆளைப் பொறுத்தது, உங்கள் நாலு பேரில் அப்படி ஒருவர் இல்லையென்றால் முறை மாற்றுவதே சரி. பொறுக்கி வாங்க வேண்டிய கத்திரி, வெண்டைக்கு மட்டும் இன்னொருவரும் கூடப் போகிற நாட்கள் இருக்கும். வண்டியில் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் வர வேண்டும். பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து வருகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். அது சட்டப்படி தப்பு, ஏதாவது ஆனால் இன்சூரன்ஸில் காசு பெறுவதும் கஷ்டம்.

பணத்தில் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். கடனுக்குக் கூட்டு வேண்டாம். மொத்தக் கடைக்காரர் தெரிந்த முகத்துக்குக் கடன் கொடுப்பார், ஆனால் எழுதுவது வாங்கின ஆள் பெயரில். மற்ற மூவரில் ஒருவர் இரண்டு நாள் பணம் தராவிட்டால் கடைக்காரர் இவரைத்தான் பிடிப்பார். நான் கணக்கு எழுதிய காலத்தில் பெயர் ஒன்று, கடன் நாலு பேருடையது என்று எவ்வளவோ பாக்கி நின்றது. கடைசியில் அந்த ஒரு பெயரே கட்டியது, இல்லையென்றால் அவர் மார்க்கெட் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார். ராத்திரி ஒன்பது மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் அவரவர் ஆர்டர், அதோடு நேற்றைய விலையில் அதற்கான பணம். பணம் வராத ஆர்டர் வாங்கப்பட மாட்டாது. விலை ஏறிவிட்டால் என்ன செய்வது என்றும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். “பெல்லாரி 20 கிலோ, 30 ரூபாய்க்கு மேலே போனால் 10 போதும்” என்று ஒரு வரி இருந்தால் வாங்குகிறவர் நடு ராத்திரியில் யாரையும் எழுப்ப வேண்டாம். கடைச் சீட்டை வாங்கிய இடத்திலேயே படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட வேண்டும். வித்தியாசப் பணம் அன்று சாயங்காலமே நேராகிவிட வேண்டும், மறுநாளுக்குத் தள்ளக் கூடாது.

இதெல்லாம் சேர்த்தால் கையில் என்ன நிற்கும்? வாடகையில் 125. உங்கள் 110 கிலோவில் பாதி, அதாவது 55 கிலோ, மூட்டைக் காயாக இருந்து கிலோவுக்கு ஒரு ரூபாய் மிச்சமானால் 55. இரண்டும் சேர்ந்து 180. வாங்கப் போகிறவருக்குக் கொடுக்கும் 50 போக 130 ரூபாய், அதோடு ஒரு ராத்திரித் தூக்கம். வாங்கப் போகிறவருக்கு 180-உம் 150-உமாக 330. இதில் 125 நிச்சயம், 55 உத்தேசம். உங்கள் நோட்டில் இரண்டு வாரம் கழித்து வரும் எண்தான் அந்த 55-ஐத் திருத்த வேண்டும்.

கூட்டு தேய்வதை முன்னாலேயே கண்டுபிடிக்கலாம். சீட்டுப் படம் ஒரு நாள் வராது, “சீட்டு கொடுக்கவில்லை” என்பார்கள். விலை எல்லாம் 25, 30 என்று முழு எண்ணாகவே வர ஆரம்பிக்கும், 26.50 காணாமல் போகும். இன்னொரு பக்கம், விலை விழுந்த நாளில் பக்கத்து மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொண்டு, விலை ஏறிய நாளில் மட்டும் ஆர்டர் போடுகிற ஒருவர் இருப்பார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் அவரால் மூட்டைக் கணக்கு தினமும் தடுமாறும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நாலு பேரும் ஒரே இடத்தில் கடை போடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2014-ஆம் வருடத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்றிதழ் ஒவ்வொருவர் பெயரில் தனித்தனியாகத் தரப்படுவது. அதை வைத்து அவரோ அவர் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்யலாம், இன்னொருவருக்கு வாடகைக்கு விடவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது. நாலு பேர் ஒருவர் சான்றிதழின் கீழ் நின்றால் மற்ற மூவரும் தங்கள் உரிமைக்கு ஆதாரம் இல்லாமல் நிற்கிறீர்கள். நாளைக்கு இடம் ஒதுக்கும்போது அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். தவிர, நாலு தெருவில் தெரிந்த நாலு முகம் என்பதுதான் உங்கள் முதல். ஒரே முனையில் நின்றால் மற்ற தெருக்காரர்கள் உங்களைத் தேடி வரமாட்டார்கள், வேறு வண்டி உள்ளே வந்துவிடும். சரக்கில் கூட்டு, விற்பனையில் தனி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிப்பதானால் பெல்லாரி, உருளை இரண்டோடு ஆரம்பியுங்கள். மற்ற காய் எல்லாம் அவரவர் பழையபடி வாங்கிக்கொண்டு, வண்டியை மட்டும் பொதுவாக்குங்கள். அந்த முதல் இரண்டு வாரம் நாலு பேருமே மார்க்கெட்டுக்குப் போக வேண்டியிருக்கும், அந்த நாட்களில் வாங்குகிறவருக்கான 50 ரூபாய் கிடையாது. திரும்பும்போது முன் சீட்டில் ஒருவர் சரக்கோடு வரட்டும், மற்றவர்கள் பஸ்ஸில் வாருங்கள். வண்டியில் கடைசியாக இறக்கப் போகிறவருடைய சரக்கு முதலில் ஏற வேண்டும் என்பதை டிரைவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுத்தெருவில் எல்லா மூட்டையையும் இறக்கி ஏற்றுவீர்கள், கூலியும் நேரமும் போகும். மூட்டை பிரிக்கும் இடம் ஒன்றே ஒன்றாக, வெயில் வரும் முன் முடிகிற மாதிரி இருக்கட்டும்.

ஒருவர் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். மூன்று பேர் ஆனால் 900 ரூபாய் ஆளுக்கு 300 ஆகிறது, வாடகை மிச்சம் 125-லிருந்து 50-க்கு இறங்கிவிடும், மூட்டை ஆர்டரும் சேராது. இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 450, லோடு ஆட்டோவே மேல். அதனால் ஒன்பது மணிக்குப் பிறகு வரவில்லை என்று சொல்பவர் அன்றைய 225-ஐக் கொடுத்தாக வேண்டும், உடம்பு சரியில்லை என்றாலும் சரி. நிரந்தரமாக விலகுபவர் ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும். அதற்குள் அந்தப் பக்கத்தில் இன்னொரு வண்டிக்காரரை நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் மூன்று பேருக்கு என்ன வாடகை என்று குட்டியானைக்காரரிடம் பேசிப் பார்க்கலாம்.